உத்தரத்தின் நுனி: ஐயம்பேட்டைத் தறிவீடுகளில் கூரைமரக் காப்பு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. இத்தகைய நெசவூர்களில் பழைய வீட்டின் குழித்தறி தரைக்குள் இறங்கியிருக்கும். மேலே உத்தரம், கைமரம், ஓடு. இழை அறாமலிருக்கத் தறி அறையில் ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரமே கூரைமரத்தை மக்கச் செய்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக நீடித்தாலும், மரத்தில் தங்கும் நீர் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடுதான். மக்கச் செய்யும் பூஞ்சைக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே காற்று குற்றவாளியல்ல, ஒழுக்குதான். ஓடு விலகிய இடமும் கூடல்வாயும் சுவருக்குள் புதைந்த உத்தர நுனியும் முதலில் கெடுவது இதனால்தான். மரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தின் வழியே மிக விரைவாக நீரை உறிஞ்சும்.

நுனியைச் சுற்றிச் சாந்து பூசி அடைப்பது இங்கே பெரும் பிழை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர் நுனிக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே போன நீர் வெளியேற வழியிராது. ஈர மரத்தின் நுனிக்குத் தார் பூசினாலும் இதே கதிதான். கருங்கல் துண்டின்மேல் நுனியை அமர்த்தி, பக்கங்களிலும் முனையிலும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் மரம் உலரும், நுனியும் கண்ணுக்குத் தெரியும்.

கறையான் விஷயத்திலும் பாதையே முக்கியம். நிலத்தடிக் கறையான் மண்குழாய் கட்டிச் சுவர் வழியாகக் கூரைக்கு ஏறுகிறது. குழாயை ஓரிடத்தில் உடைத்துவிட்டு இரண்டொரு நாளில் பார்க்க வேண்டும். மீண்டும் மூடியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. தறிக்குழியின் மண்சுவர் இதற்கு மறைவான வாசல். நாள் முழுதும் நெசவாளர் கால் தொங்கும் அந்தக் குழியில் நஞ்சு ஊற்றலாகாது. விரிசலில்லாத சிமெண்டுப் பூச்சால் குழியை அடைத்து, மருந்தைச் சுவரடி மண்ணில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செலுத்துவதே தகும்.

மரத்துக்கான மருந்தில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசன் 1933இல் உருவாக்கிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவை உலகெங்கும் பரவியது. ஆனால் ஆர்சனிக் கலந்ததை மனிதர் வாழும் அறைக்குள் பரிந்துரைக்க முடியாது. மழை படாத கூரையின் உட்புறத்துக்குப் போரான் உப்பே பொருத்தம். 3 கிலோ வெங்காரம், 2 கிலோ போரிக் அமிலம், 95 லிட்டர் நீர் சேர்ந்தால் 5 விழுக்காட்டுக் கரைசல். ஆனால் உலர்ந்த மரத்தில் தூரிகையால் பூசினால் அது மேல்தோலோடு நின்றுவிடும். நுனியில் துளையிட்டுப் போரான் பசையை அடைத்தால் அது ஆழம் செல்லும். ஒழுக்கு நிற்காத இடத்தில் மழைநீர் அதையும் கரைத்துக்கொண்டு போய்விடும். எனவே ஓட்டைச் சரிசெய்த பிறகே மருந்து.

தேக்கின் வைரப்பகுதி இயல்பிலேயே கறையானைத் தாங்கும், வெளிறு தாங்காது. பனையில் நிலை தலைகீழ்: வெளிப்புறமே கெட்டி, நடுச்சோறு இரையாகும். பனங்கையின் மேல்தோற்றம் நன்றாயிருப்பதை நம்பாமல், ஐப்பசி மழைக்கு முன் சுவரோரத்தில் தமரூசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி தடையின்றி இறங்கினால் அந்தக் கை மாற்ற வேண்டியது.