சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான நிதி ஏற்பாடு (இந்தியா)

பெற்றோர் காலத்துக்குப் பின் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பேண இந்தியாவில் இரு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. ஒன்று பாதுகாவலர். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து இவரை நியமிக்கலாம். இவர் ஆண்டுதோறும் குழுவிடம் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும்.

மற்றொன்று, 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி அமையும் தனியார் அறக்கட்டளை. வீட்டைப் பிள்ளை பெயருக்கே எழுதினால், அதை விற்கவோ வாடகைக்கு விடவோ பிள்ளையால் ஒப்பந்தம் செய்ய இயலாமல் போகலாம். பலரும் செய்வதுபோல் அண்ணன் பெயருக்கு எழுதினாலோ, அவருடைய கடனுக்கு அது ஜப்தியாகக்கூடும். அறக்கட்டளைக்கு எழுதினால் இவ்விரு சிக்கலும் இல்லை. வாடகையும் காப்பீட்டுத் தொகையும் அதில் சேரும், அறங்காவலர் அதிலிருந்து பிள்ளையின் செலவுகளைக் கவனிப்பார். அறங்காவலரும் பாதுகாவலரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதே நல்லது. அறங்காவலர் இறந்தால் அவரிடத்துக்கு வருபவர் யார் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.