பழைய பாமினி கோப்பை மாற்றும்போது ‘வெள்ளி’ உடைகிறதா?

ஆலய மலருக்கான பழைய நன்கொடையாளர் பட்டியலை அப்படியே வடிவமைப்பாளருக்கு அனுப்பினால், பாமினி எழுத்துரு இல்லாத அவரது கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்றுதான் தெரியும். கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. அதனால்தான் முதலில் யூனிகோடுக்கு மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றுமுன் பழைய கோப்பை PDF ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றியில் ஒட்டுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து ஒட்டினால் அதுவும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும்.

பெரிய தொல்லை ‘ௌ’ குறியில்தான். பாமினியில் அதன் வலப்பகுதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசை, s. கௌரவம் என்பது nfsutk;, வெள்ளி என்பது nts;sp. எந்த s எதைக் குறிக்கிறது என்று சில மாற்றிகளுக்குத் தெரிவதில்லை. ‘50 வெள்ளி’ என்பது ‘50 வௌ்ளி’ ஆகிவிடும். இதையாவது கண்டுபிடித்துவிடலாம். வேறு சில மாற்றிகள் கௌரியை ‘கெளரி’ ஆக்கிவிடும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பெயரைத் தேடினால் கிடைக்காது.

மாற்றியபின் ‘வௌ’, ‘தௌ’ என்று தேடி, வெள்ளி, வெளியீடு, தெளிவு போன்றவற்றைத் திருத்துங்கள். அடுத்து ‘கெள’, ‘செள’, ‘மெள’ என்று தேடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். சௌந்தரம் சரி, ‘மௌ்ள’ தவறு. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.