ஏனைய ஷரத்துக்கள் மாறா

பழைய ஒப்பந்தங்களைப் படிக்க நேரும்போது நான் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குவது வழக்கம். முன்பகுதியில் இரு தரத்தாரும் எதைக் கேட்டுப் பெற்றார்கள் என்பது தெரியும். எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது பெரும்பாலும் இறுதியில்தான் இருக்கும். பெரியாற்று அணையைப் பற்றிய 1970ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தங்கள் இதற்கு நல்ல சான்று.

மூல ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29ஆம் நாள் கையொப்பமாயிற்று. ஒருபுறம் திருவிதாங்கூர் மகாராஜா. மறுபுறம் இலண்டனில் இருந்த இந்தியா மந்திரி. அணை கட்டவும், நீர் தேங்கவும் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம், 40,000 ரூபாய் வாடகை. மேற்கே கடலில் கலந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி மதுரைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ந்தது. அணை 1895இல் முடிவுற்றது.

சில பத்தாண்டுகளுக்குப் பின், சுரங்கத்தைக் கடந்து பள்ளத்தில் விழும் அந்த நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னை சர்க்கார் எண்ணிற்று. திருவிதாங்கூர் அதை மறுத்தது. ஒப்பந்தத்திலேயே மத்தியஸ்தத்துக்கு வழி இருந்தது. மத்தியஸ்தர் இருவரும் உடன்படாமற் போகவே வழக்கு நடுவரிடம் சென்றது. 1941இல் அவர் சொன்ன முடிவு இதுதான்: நீர் பாசனத்துக்காகத் தரப்பட்டது, மின்சாரத்துக்கு அன்று. ஆகவே, நீர் கையிலிருந்தும் அதை வேறு பயனுக்குக் கொள்ள இன்னொரு தாள் வேண்டியதாயிற்று.

அந்தத் தாள் உருவாக நெடுங்காலம் சென்றது. இதற்குள் மகாராஜாவின் ஆட்சியும் இந்தியா மந்திரியின் பதவியும் மறைந்து, கேரளமும் தமிழ்நாடும் அவ்விடங்களில் நின்றன. 1970 மே 29ஆம் நாள் இரண்டு ஒப்பந்தங்கள் ஆயின. முதலாவது, பழைய பத்திரத்தைத் திருத்துவது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் என்பது முப்பது ரூபாய் ஆயிற்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வாடகையை மறுபடி வகுக்கலாம் என்றும் ஏற்பட்டது. குத்தகை நிலத்து நீரில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. இரண்டாவது, மின்சாரத்துக்கு இசைவு தந்தது. ஆண்டுக்கு 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்–ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினெட்டு ரூபாயும் கேரளத்துக்குத் தர வேண்டும். ஒரு கிலோவாட்–ஆண்டு என்பது, ஒரு கிலோவாட் சக்தி ஆண்டு முழுவதும் இடைவிடாது கிடைத்தால் வரும் 8,760 யூனிட்.

மின்சாரத்தைத் தனித்தாளில் வைத்தது நல்ல யோசனை என்பது என் கருத்து. வாடகை, பழைய ஷரத்தின் மாற்றம். மின்சாரமோ பழைய பத்திரத்தில் இல்லாத புதிய உரிமை. இரண்டையும் ஒன்றாகக் கலந்திருந்தால், எது திருத்தம், எது சேர்க்கை என்னும் ஐயம் பின்னால் எழுந்திருக்கும்.

இனி, தொடாமல் விட்டதைப் பார்ப்போம். திருத்திய ஷரத்துக்கள் நீங்கலாக மூலப் பத்திரம் முன்போலவே செல்லும் என்பதே அத்திருத்தத்தின் அடிப்படை. புதிய பத்திரமொன்று எழுதியிருந்தால் 999 ஆண்டுகள் என்னும் காலம், நிலத்தின் எல்லை, மத்தியஸ்த ஏற்பாடு ஆகிய ஒவ்வொன்றும் மறுபேரத்துக்கு வந்திருக்கும்.

இதன் பயன் பின்னாளில் தெரிந்தது. 1947இல் இந்தியச் சுதந்திரச் சட்டம் வந்தபோதே, மன்னர்களோடு செய்த பழைய உடன்படிக்கைகளுடன் இக்குத்தகையும் காலாவதியாகிவிட்டது என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. 2006லும் 2014லும் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அது சொன்ன காரணங்களுள் ஒன்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள். உயிரற்ற பத்திரத்தை யாரும் திருத்துவதில்லை. திருத்தியவர் அதன் உயிரை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். வாடகையை உயர்த்தக் கேட்ட கரமே குத்தகையை உறுதி செய்த கரமும் ஆயிற்று.

ஆனால் அந்த உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏனையவை மாறா என்று எழுதுவது தாளைக் காக்கும்; கல்லையும் சுண்ணாம்பையும் காக்காது. அணையின் பலத்தைப் பற்றி ஐயம் எழுந்து, 1979இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் சொன்னது. அணைக்குக் கீழே வாழ்பவரின் அச்சமும், வைகைக் கரை உழவரின் தேவையும் அந்தச் சில அடிகளில் எதிரெதிரே நிற்கின்றன. குத்தகை செல்லுமா என்னும் வினாவுக்குப் பழைய பத்திரம் விடை தந்தது. எவ்வளவு நீரைத் தேக்குவது பத்திரமானது என்னும் வினாவுக்கு விடை அணையை ஆராய்ந்தவர்களிடமிருந்தே வரவேண்டியிருந்தது.