‘மாறி வருவன்’, ‘இருந்தைக்க’: சிலப்பதிகாரத்தில் பிரிவுரைகளின் முடிப்பு

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்பது தமிழர் வழக்கு. துக்க வீட்டில் மட்டும் இவ்வழக்கு தலைகீழாகிறது. அங்கு வந்தவர் ‘வருகிறேன்’ என்று சொல்லாமலே எழுந்து செல்கிறார். மீண்டும் வருவது இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். தற்காலிகப் பிரிவுக்கு ஒரு முடிப்பு, மீளாப் பிரிவுக்கு வேறொரு முடிப்பு என்னும் இவ்வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் எவ்வாறு கையாள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாதவியின் இரு மடல்களும் கோவலனின் வாய்மொழி விடைபெறல்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவை காப்பியப் புலவர் படைத்த மடல்கள். அக்காலத்தில் உண்மையாக எழுதப்பட்ட ஓலைகள் அல்ல. ஆயினும் ஒரு மடல் எவ்வாறு முடிதல் தகும் என்று ஆசிரியரும் அவர்தம் கேட்போரும் கொண்டிருந்த எண்ணத்திற்கு இவை சான்றாகும்.

பிரிவின் தொடக்கத்திலேயே சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு பிளவு காணப்படுகிறது. கானல்வரியின் இறுதியில், ஊடல் முற்றிய கோவலன் தன் சினத்தை வெளிப்படக் கூறவில்லை. பொழுது கழிந்தது, எழுவோம் என்ற கருத்துப்படவே பேசுகிறான். அவன் ஆளும் ‘எழுதும்’ என்னும் வினை தன்மைப் பன்மை; மாதவியையும் உளப்படுத்தியது. ஆனால் அவன் அவளுடன் எழாமல் தனியே செல்கிறான். அதன்பின் இருவரும் சந்திக்கவேயில்லை. சொல்லளவில் இது பிரிவே அன்று.

இதனாலேயே, வேனிற்காதையில் வரும் மாதவியின் முதல் மடல் நிகழ்ந்தது தற்காலிகப் பிரிவு என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகவும் செம்பஞ்சுக் குழம்பை மையாகவும் கொண்டு எழுதுகிறாள். இளவேனிலையும் திங்களையும் பழித்துச் செல்லும் அம்மடல் ஒரு பொதுவுரையாக முடிகிறது. கூடியவர் காலம் தாழ்த்தினும், பிரிந்தவர் தம் துணையை மறப்பினும், மன்மதனின் மலர் அம்பு உயிரைக் கவர்வது வியப்பன்று என்பது அதன் பொருள். காலம் தாழ்த்தல், மறந்துவிடல் என இருவகைப் பிரிவும் இங்கே அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. தன்னுடையது எவ்வகை என்பதை மாதவி கூறவில்லை. இறுதிச் சொல் ‘அறிந்தீமின்’ என்னும் ஏவல் பன்மை. விளிப்பெயர் இல்லை, வணக்கம் இல்லை, தன்னைக் குறிக்கும் சொல்லும் அம்முடிப்பில் இல்லை. உரிமையுள்ளவள், மறுமொழி வரும் என்ற துணிவோடு எழுதும் முடிப்பு இது. கூல மறுகில் வசந்தமாலை நீட்டிய மடலைக் கோவலன், ஆடல்மகளின் நடிப்பு என இகழ்ந்து வாங்க மறுக்கிறான். அது கேட்ட பின்னும் மாதவி, மாலையில் வாராவிடினும் காலையில் காண்போம் என்கிறாள்.

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொண்டுவரும் இரண்டாம் மடல் எல்லா வகையிலும் வேறானது. கோவலன் கண்ணகியுடன் நகர் நீங்கிவிட்டான் என்பது இப்போது தெரிந்த செய்தி. மடல் ‘அடிகள்’ என்று தொடங்கி, எழுதுபவள் அவன் அடியில் வீழ்வதாகக் கூறி, தன் தெளிவற்ற சொற்களை ஏற்குமாறு வேண்டுகிறது. பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விட்டுக் குலப்பிறப்பாட்டியோடு இரவில் நீங்கியதற்குத் தான் செய்த பிழை யாதெனத் தெரியாமல் செயலற்று நிற்கும் நெஞ்சின் துயரை நீக்க வேண்டும் என்பதே அதன் ஒரே கோரிக்கை. முடிப்பு, ‘புரையோய்’ என்னும் விளியும் ‘போற்றி’ என்னும் சொல்லும்.

‘மீண்டு வருக’ என்று இம்மடலில் எங்கும் இல்லை. துயர் நீக்குமாறு வேண்டுவதே மறைமுகமாக வருமாறு வேண்டுவதுதானே என்று வாதிடலாம். ஆனால் குலப்பிறப்பாட்டி என்று கண்ணகியை மதிப்போடு சுட்டிய ஒருத்தி, அவளிடமிருந்து அவனைப் பிரித்து அழைப்பதாகக் கொள்வது மடலின் நடைக்குப் பொருந்தவில்லை. அவள் கேட்பது விளக்கமோ பொறுத்தலோதான். ‘அறிந்தீமின்’ கேட்போரை நோக்கி ஏவுகிறது. ‘போற்றி’ எதையும் எதிர்பாராமல் வாழ்த்தி அமைகிறது. என் கருத்தில், மீளாப் பிரிவை உணர்ந்த மடலுக்குரிய முடிப்பு இதுவே.

இம்முடிப்பின் பொதுத்தன்மையைக் கோவலனின் அடுத்த செயலே மெய்ப்பிக்கிறது. மடலைப் படித்ததும் மாதவி தீதிலள், தீது தன்னதே என உணரும் அவன், அம்மடல் தன் தந்தைக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று கூறி, அதனையே பெற்றோரிடம் காட்டுமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகிறான். ஒருத்தி காதலனுக்கு எழுதியது மகன் பெற்றோர்க்கு எழுதியதாக எப்படி மாறும்? இலக்கணம் இதற்கு இடந்தருகிறது. இரவில் நீங்கியதைக் குறிக்கும் ‘கழிதற்கு’ என்பது தொழிற்பெயர். அது இடம் காட்டாது. மாதவி வாயில் அது ‘நீ நீங்கியதற்கு’. கோவலன் வாயில் ‘நான் நீங்கியதற்கு’. ‘என் பிழைப்பு’ என்பது அவளுக்கு அறியாப் பிழை, அவனுக்கு ஒப்புக்கொள்ளும் பிழை. ‘அடிகள்’, ‘புரையோய்’ இரண்டும் தந்தைக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகின்றன. முதல் மடலை இவ்வாறு கைமாற்ற இயலாது. மன்மதனின் அம்பைப் பற்றிப் பெற்றோரிடம் பேச முடியாது.

கைமாற்ற முடியாத ஒரே கூறு பொறி. மடலை மூடிய மண்ணில் மாதவியின் கூந்தல் பதிந்திருந்தது; உடனுறைந்த காலத்து நெய்மணம் அதில் இருந்தது. கோவலன் அதை உடனே பிரிக்காமல் கையில் வைத்திருந்தான் என்கிறது காப்பியம். இன்று கடிதத்தின் அடியில் இடும் கையொப்பத்தின் பணியை இங்குப் பொறி செய்கிறது. சொற்கள் பொதுவாகி எவர்க்கும் உரியவாக நிற்க, எழுதியவள் யார் என்பதை மண்ணும் மணமும் மட்டுமே சொல்கின்றன. பெற்றோர் கைக்குச் சென்றபோது அப்பொறி உடைந்திருக்கும்.

கண்ணகியிடம் கோவலன் இருமுறை விடைபெறுகிறான். கொலைக்களக் காதையில் சிலம்பை எடுத்துச் செல்லும்போது, போய் விற்று வருவேன், மயங்காதிரு என்கிறான். ‘மாறி வருவன்’ என்பது இன்றைய ‘போய் வருகிறேன்’ என்பதன் அமைப்பையே கொண்டது; சென்று முடிக்கும் செயல் எச்சமாகவும் வருதல் முற்றாகவும் நிற்கின்றன. அழைத்துவந்தவளைத் தனியே விட்டுச் செல்வதால் வந்த கண்ணீரை மறைத்துக்கொண்டு சொல்லும் சொல் அது. வழியில் எதிர்ப்பட்ட ஏறு தீநிமித்தம் என்பதை அவன் அறியவில்லை என்று ஆசிரியர் உடனே சேர்க்கிறார். கேட்போர் அறிந்ததை அவன் அறியாததால், ‘வருவன்’ என்னும் சொல் அவன் பக்கம் முழு நேர்மையோடு நிற்கிறது.

ஊர்சூழ்வரியில் வெட்டுண்ட கோவலன் எழுந்து, கண்ணகியின் முகம் வாடியதைச் சொல்லி, அவள் கண்ணீரைத் தன் கையால் துடைத்து, ‘இருந்தைக்க’ என்று கூறி விண்ணுலகு செல்கிறான். இருப்பாயாக என்பது அதன் பொருள். இங்கே ‘வருவன்’ இல்லை. பேசுபவனின் செலவைக் குறிக்கும் வினையும் இல்லை. சொல் முழுவதும் எஞ்சியிருப்பவள் மேல் நிற்கிறது. கண்ணகி அதனை ஏற்கவில்லை. சினம் தணிந்தாலன்றிக் கணவனைச் சேரேன், தீய வேந்தனைக் கண்டு இதற்குக் காரணம் கேட்பேன் என்று எழுகிறாள்.