மாக் டெஸ்டில் 60-வது ரேங்க்... அடுத்த மாதம் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம்? ஜேஇஇ மாணவர்களுக்கான விளக்கம்

ஸ்ரீரங்கத்தில் ப்ளஸ் 2 படித்துக்கொண்டே துவாக்குடியில் உள்ள திருச்சி என்ஐடி சீட்டுக்குத் தயாராகும் ஒரு மாணவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கோச்சிங் சென்டரின் ஜேஇஇ மெயின் மாக் டெஸ்டில் 400 பேரில் அவருக்கு 60-வது ரேங்க். பள்ளி நேரம் போக, அடுத்த மாதம் படிக்க 90 மணி நேரம் இருக்கிறது. அதை எப்படிப் பிரிப்பது?

பெர்சன்டைல் என்றால் என்ன?

இது மதிப்பெண் சதவீதம் இல்லை. உங்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் பெர்சன்டைல். இந்த மாணவரையும் சேர்த்து அப்படி 341 பேர். 341-ஐ 400-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 85.25.

அடுத்த டெஸ்டில் 900 பேரில் 90-வது ரேங்க் வந்தால்? ரேங்க் இறங்கினாலும் பெர்சன்டைல் 90.11 ஆக ஏறியிருக்கும். ஆனால் எழுதுபவர்கள் மாறினால் இந்த ஒப்பீடு செல்லாது. நன்றாகப் படிப்பவர்கள் மட்டும் எழுதும் டெஸ்டில் பெர்சன்டைல் தானாகவே குறையும். அதனால் ஒரே டெஸ்ட் சீரிஸை மட்டும் ஒப்பிட வேண்டும்.

எந்தப் பாடம் பின்தங்குகிறது?

மொத்த ரேங்க் இதைச் சொல்லாது, பாடவாரியான பெர்சன்டைல்தான் சொல்லும். மாணவரின் மதிப்பெண்கள்: கணிதம் 40, இயற்பியல் 52, வேதியியல் 44. கணிதம்தான் வீக் என்று தோன்றும். ஆனால் பெர்சன்டைல் கணிதத்தில் 82, இயற்பியலில் 88, வேதியியலில் 70. கணிதத் தாள் எல்லோருக்குமே கஷ்டம். மற்றவர்கள் எடுத்த இடத்தில் இவர் விட்டது வேதியியலில்தான்.

மார்க் எங்கே போனது?

ஜேஇஇ மெயினில் பாடத்துக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கழிவு. வேதியியலில் இவர் 13 சரி, 8 தவறு, 4 எழுதவில்லை. கணிதத்தில் 11 சரி, 4 தவறு, 10 எழுதவில்லை.

வேதியியலின் 8 தவறுகளில் 5 கனிம வேதியியலில் என்றால், என்சிஇஆர்டி புத்தகத்தைத் திரும்பப் படிப்பதுதான் வழி. ஒரு தவறான விடை சரியானால் 5 மார்க் கூடும்; நான்கு சரியானால் 20 மார்க். கணிதத்தில் சிக்கல் வேறு. விட்ட 10 கேள்விகளில் தெரிந்தவை எத்தனை என்று வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். தெரிந்தும் நேரம் போதவில்லை என்றால் தேவை வேகப் பயிற்சி, புது சாப்டர் இல்லை.

அப்போ 90 மணி நேரத்தில் வேதியியலுக்கு 40, கணிதத்துக்கு 30, இயற்பியலுக்கு 20 என்று ஒதுக்கலாம்.

கவனிக்க வேண்டியது

ஒரே டெஸ்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று டெஸ்டிலும் அதே பாடம் பின்தங்கினால்தான் நேரத்தை மாற்ற வேண்டும். மாக் டெஸ்டின் 85-ம் உண்மைத் தேர்வின் 85-ம் ஒன்றல்ல. 2025 ஜனவரி ஜேஇஇ மெயினை எழுதியவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். அங்கே ஒரு பெர்சன்டைல் என்பது ஏறக்குறைய 12,500 பேர்.