புகையிலை நோய்களின் பொருளாதாரச் சுமை (இந்தியா)

புகையிலையால் வரும் நோய்களுக்கான மருத்துவச் செலவையும், நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கும் உழைப்பின் மதிப்பையும் சேர்த்த தொகை. 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு, 2017–18இல் இது சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம். இதில் மருத்துவச் செலவு 22 சதவீதம்தான். எஞ்சியது மறைமுக இழப்பு; மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் கூட்டுபவர் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்.

ஒரு நோயின் முழுச் செலவையும் புகையிலையின் கணக்கில் எழுதக் கூடாது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: மக்களில் 20 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. கூடுதல் 5 மடங்கை 0.2ஆல் பெருக்கினால் 1. அதை, எல்லோருக்கும் உள்ள அடிப்படை வாய்ப்பான 1உடன் அதையே கூட்டிய (1 + 1)ஆல் வகுத்தால் 0.5. ஆகவே அந்நோய்ச் செலவில் பாதி மட்டுமே புகையிலையால் வந்தது.

இழந்த வேலைநாள்களில் நோயாளியின் நாள்களோடு, துணைக்கு இருந்தவரின் நாள்களும் சேரும். அவற்றைச் சந்தைக் கூலியால் மட்டும் மதிப்பிட்டால் இல்லத்தரசியின் உழைப்பு சுழியமாகிவிடும். பலரும் கவனிக்காத ஓட்டை இது.