நான்காம் வகுப்பில் மாறும் மொழி: தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பயிற்றுமொழியும் ஏற்றத்தாழ்வும்

தென்னாப்பிரிக்காவின் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் முதல் மூன்று வகுப்புகளை சூலு, கோசா, செபெடி, செட்ஸ்வானா முதலிய ஆப்பிரிக்க மொழிகளுள் ஒன்றில் படித்துவிட்டு, நான்காம் வகுப்பு தொடங்கும் நாளில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் முதலிய பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்குகின்றனர். ஆங்கிலத்தையோ ஆஃப்ரிகான்ஸையோ வீட்டில் பேசும் குழந்தைக்கு இந்த மாற்றம் நேர்வதே இல்லை. அது முதல் வகுப்பில் கேட்ட மொழியிலேயே பள்ளியிறுதியான மெட்ரிக் தேர்வையும் எழுதுகிறது. தாய்மொழிவழிக் கல்வியா ஆங்கிலவழிக் கல்வியா என்று நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வை உண்டாக்குவது இன்ன மொழி என்பதைவிட, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு யார், எந்த வயதில், எவ்வளவு ஆயத்தத்தோடு தள்ளப்படுகிறார்கள் என்பதும், வகுப்பறையில் உண்மையில் பேசப்படும் மொழிக்குத் தேர்வுத் தாளில் இடம் இருக்கிறதா என்பதுமே என இக்கட்டுரை வாதிடுகிறது.

பயிற்றுமொழி என்ற சொல்லையே முதலில் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசாணையில் எழுதப்பட்ட மொழி ஒன்று, பாடநூல் அச்சாகும் மொழி ஒன்று, ஆசிரியர் விளக்கும் மொழி ஒன்று, மாணவர் விடை எழுதும் மொழி ஒன்று என நான்கு அடுக்குகள் அச்சொல்லுக்குள் இருக்கின்றன. வசதியான பள்ளியில் இந்நான்கும் ஒன்றே என்பதால் அங்கே யாரும் அவற்றைப் பிரித்துப் பேசுவதில்லை. அவை ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் சிக்கல் கண்ணுக்குத் தெரிகிறது.

பெற்றோர் தாய்மொழிவழிக் கல்வியை ஐயத்தோடு பார்ப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதை வெறும் ஆங்கில மோகம் என்று ஒதுக்குவது சமூகவியல் ஆகாது. 1953-இன் பான்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளி முழுவதும் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கியது. ஆனால் அதன் நோக்கம் அம்மொழிகளை வளர்ப்பதன்று, அவற்றைப் பேசுவோரைக் கூலி வேலைக்கு அப்பால் செல்லவிடாமல் நிறுத்துவது. பின்னர் எழுபதுகளில் கணிதத்தையும் சமூக அறிவியலையும் ஆஃப்ரிகான்ஸில் நடத்த வேண்டும் என்ற ஆணை வந்தபோது 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினர். துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த எழுச்சிக்குப் பின் 1979-இல் வந்த சட்டம் தாய்மொழிவழிக் கல்வியைத் தொடக்க ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டது. ஆக, தாய்மொழி என்றால் தாழ்த்திவைக்கும் கல்வி, ஆங்கிலம் என்றால் விடுதலை என்ற சமன்பாடு இரண்டு தலைமுறைகளின் பட்டறிவிலிருந்து பிறந்தது. இதற்கு நேர்மாறாக ஆஃப்ரிகான்ஸ் 1925-இல் ஆட்சிமொழியாகி, அரசின் பணத்தாலும் கலைச்சொல்லாக்கக் குழுக்களாலும் பாடநூல்களாலும் பல்கலைக்கழகம் வரை வளர்க்கப்பட்டது. ஒரு மொழி அறிவியலைத் தாங்குமா தாங்காதா என்ற கேள்விக்கு விடை அம்மொழியின் இலக்கணத்தில் இல்லை, அதற்காகச் செலவிடப்பட்டதில் இருக்கிறது என்பதற்கு அந்த நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் சான்று இது.

மொழி மாறும் அந்த ஆண்டில் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதை அளந்து காட்டியது கேரல் மெக்டொனால்டு தலைமையில் நடந்து 1990-இல் வெளிவந்த திரெஷோல்டு ஆய்வு. அப்போது மாற்றம் ஐந்தாம் ஆண்டில் நிகழ்ந்தது. அதுவரை ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படித்த குழந்தைக்கு ஏறத்தாழ 800 ஆங்கிலச் சொற்கள்தாம் தெரிந்திருக்கக்கூடும். ஆனால் அந்த ஆண்டின் பாடநூல்கள் ஏறத்தாழ 5,000 சொற்களை எதிர்பார்த்தன. இந்த இடைவெளியைச் சொற்பட்டியலாக மட்டும் பார்த்தால் அதன் முழுக் கனமும் புரியாது. மாற்றத்துக்கு முன்புவரை குழந்தை படித்தவை பெரும்பாலும் கதைகள். அவற்றில் யார் வந்தார், என்ன செய்தார் என்ற வரிசை உண்டு. அடுத்த வகுப்பில் வருவது வரையறை, வகைப்பாடு, காரணகாரியம். உரைநடையின் வகை மாறுவதும் மொழி மாறுவதும் ஒரே ஆண்டில் சேர்ந்து நிகழ்கின்றன.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சிஃபோவிடம் 24 கோலிகள் இருக்கின்றன, அது லெராட்டோவிடம் இருப்பதைவிட 6 கூடுதல், அப்படியானால் லெராட்டோவிடம் எத்தனை என்ற கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு அவ்வாக்கியத்தில் பிடிபடுவது இரண்டு எண்களும் 'மோர்' என்ற ஒரு சொல்லும்தான். மோர் என்றால் கூட்டல் என்று முன்பே பழக்கப்படுத்தியிருப்பதால் 30 என்று எழுதுகிறது. ஆசிரியர் அதே கேள்வியைச் சூலுவில் திருப்பிக் கேட்டு, யாரிடம் அதிகம் இருக்கிறது என்று ஒரு துணைக் கேள்வியும் போட்டால் 18 என்ற விடை வரக்கூடும். இந்தக் கேள்வியின் கண்ணி எந்த மொழியிலும் கண்ணிதான், தாய்மொழியில் படிக்கும் குழந்தையும் இதில் வழுக்குவதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு என்னவென்றால், தாய்மொழியில் வழுக்கிய குழந்தையால் வாக்கியத்தை மீண்டும் காதில் ஓட்டிப் பார்க்க முடியும். ஆங்கிலத்தில் வழுக்கிய குழந்தைக்கு ஓட்டிப் பார்க்க வாக்கியமே இல்லை. தேர்வுத் தாளைத் திருத்துபவர் பார்ப்பது 30 என்ற எண்ணை மட்டுமே. அது கழித்தல் தெரியாமையாலா, சொல் புரியாமையாலா என்பதைத் தாள் சொல்லாது. ஆண்டு முடிவில் அது "கணிதத்தில் பின்தங்கியவர்" என்ற பதிவாகிறது.

ஆசிரியர் இவ்வாறு மொழி மாறிப் பேசுவதை வகுப்பறை ஆய்வுகள் விரிவாகப் பதிவுசெய்துள்ளன. ஜில் ஆட்லரும் மாமொகெத்தி செட்டாட்டியும் பன்மொழிக் கணித வகுப்புகளை ஆராய்ந்து, புரியவைக்கத் தாய்மொழியை நாடினால் தேர்வு மொழிப் பயிற்சி குறைகிறது, ஆங்கிலத்திலேயே நின்றால் பொருள் சென்று சேர்வதில்லை என்ற இரட்டைச் சங்கடத்தில் ஆசிரியர் நிற்பதைக் காட்டினர். இதிலிருந்து ஆசிரியர்கள் கண்டுகொண்ட தப்பும் வழி ஒன்று உண்டு: வாய்மொழி விளக்கம் வீட்டுமொழியில், கரும்பலகையில் எழுதுவது ஆங்கிலத்தில், குழந்தைகள் அதை ஒருசேரக் குரலெடுத்துச் சொல்லிக் குறிப்பேட்டில் பார்த்தெழுதுவது. குறிப்பேட்டைப் புரட்டும் ஆய்வாளருக்கு ஆங்கிலவழிக் கல்வி செவ்வனே நடப்பதாகத் தோன்றும். புரிந்துகொண்டது ஒரு மொழியில், எழுதிவைத்தது இன்னொரு மொழியில் என்று இரண்டும் ஒட்டாமலே ஆண்டுகள் ஓடுகின்றன.

அப்படியானால் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டால் இந்த மாற்றமே வேண்டாமல்லவா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. 1996-இன் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி ஆளுமைக் குழுவுக்கு அளித்ததால், சில பள்ளிகள் அவ்வாறே மாறின. சில பள்ளிகள் ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்பவும் செய்தன. ஆங்கிலவழிப் பள்ளியையும் தாய்மொழிவழிப் பள்ளியையும் நேராக ஒப்பிடுவதில் பயனில்லை. முன்னது நகரத்திலும் ஓரளவு வசதியுள்ள குடும்பங்களிடையேயும் இருக்கும், அதன் மதிப்பெண் மொழியால் வந்ததா பணத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஸ்டீஃபன் டெய்லரும் மரிசா ஃபான் ஃபின்டெலும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்றுமொழியை மாற்றிய பள்ளிகளின் வெவ்வேறு ஆண்டு மாணவர்களை அந்தந்தப் பள்ளிக்குள்ளேயே ஒப்பிட்டு இந்தச் சிக்கலைக் கடந்தது. முதல் மூன்று ஆண்டுகள் தாய்மொழியில் படித்தவர்களே நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலத் தேர்வில் மேலாகச் செய்தனர் என்பது அதன் முடிவு. எழுத்தை ஒலியாக்கவும் ஒலியைப் பொருளாக்கவும் ஒருமுறை கற்றுவிட்டால் அத்திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கிறது. பொருள் தெரியாத மொழியில் தொடங்கினால் அந்த இரண்டாம் படி கைகூடுவதில்லை.

டெய்லரும் ஃபான் ஃபின்டெலும் சொன்ன இன்னொன்றைத் தாய்மொழி ஆர்வலர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவதில்லை. வட்டாரத்தின் வறுமையும் பள்ளி ஒழுங்காக நடக்காமையும் தரமற்ற கற்பித்தலும் மதிப்பெண்ணை மொழியைவிட அதிகமாகப் பாதிக்கின்றன என்பதே அது. 2016-இன் பன்னாட்டு வாசிப்புத் தேர்வான பேர்ல்ஸ் இதற்கு ஆதரவாகவே நிற்கிறது. அத்தேர்வு குழந்தைகளை அவர்கள் முதல் மூன்று ஆண்டுகள் படித்த மொழியிலேயே சோதித்தது. அப்படியிருந்தும் நான்காம் வகுப்பினரில் 78 விழுக்காட்டினர் பொருள் உணர்ந்து வாசிக்கும் அடிநிலையை எட்டவில்லை. 2021-இல் அது 81 ஆனது. மொழி மாறுவதற்கு முன்பே வாசிப்பு நிலைபெறவில்லை என்றால், மாற்றத்தின்மேல் மட்டும் பழி போடுவது பிழை.

அந்த வாசிப்பு ஏன் நிலைபெறவில்லை என்பதிலும் மொழி வேறொரு வடிவில் புகுகிறது. சூலுவும் கோசாவும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழிகள். 'நான் அவர்களை நேசிக்கிறேன்' என்பது சூலுவில் 'ஙியபதாண்டா' என்று ஒரே சொல்லாக எழுதப்படும். அதையே செசோத்தோ நான்கு துண்டுகளாகப் பிரித்து எழுதுகிறது. ஆங்கிலத்துக்கென வகுத்த வாசிப்பு முறையும், நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவுகோலும் சூலுவுக்கு அப்படியே பொருந்தா. ஆனால் இம்மொழிகளில் வாசிப்பைக் கற்பிக்கும் முறையை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நெடுங்காலம் தனியே சொல்லித்தரவில்லை. வகுப்பில் புரட்டக் கதைநூல்களும் குறைவு. நகர்ப்புறத்தில் இன்னொரு சிக்கல். பிரிட்டோரியாவின் மாமெலோடி போன்ற குடியிருப்புகளில் குழந்தைகள் பேசுவது செபிட்டோரி எனப்படும் கலப்பு மொழி. பள்ளி அவர்களுக்குத் தாய்மொழி என்று கொடுப்பதோ நூலில் உள்ள செட்ஸ்வானா அல்லது செபெடி. தாளில் தாய்மொழிவழி மாணவராக எண்ணப்படும் அக்குழந்தை, முதல் வகுப்பிலேயே ஒரு மொழி மாற்றத்தைச் சந்தித்துவிடுகிறது. நான்காம் வகுப்பில் வருவது இரண்டாவது.

பியர் பூர்தியோ மொழி மூலதனம் என்று குறிப்பிட்டது, பள்ளி தான் கற்பிக்காத ஒன்றைத் தேர்வில் கேட்பதையும், வீட்டிலிருந்து அதைக் கொண்டுவருபவரைத் திறமைசாலி என்று அழைப்பதையும்தான். தென்னாப்பிரிக்கப் பள்ளியில் அது உருவகமாக இல்லாமல் நேரடியாகவே நிகழ்கிறது. முன்பு வெள்ளையருக்கென இருந்து இப்போது கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்குச் செல்ல முடிந்த கறுப்பினக் குழந்தை, ஆங்கிலம் பேசும் ஆசிரியரையும் தோழர்களையும் பெற்று அம்மொழியைக் கேட்டே பழகுகிறது. குடியிருப்புப் பள்ளியில் ஆளுமைக் குழு ஆங்கிலத்தைத் தேர்ந்தால் கிடைப்பது பெயர்ப்பலகையில் மட்டும் ஆங்கிலம். இரு தரப்புப் பெற்றோரும் கேட்டது ஒன்றே, பெற்றது வேறு.

இவ்விடைவெளியை அடைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் கிழக்குக் கேப் மாகாணத்தினுடையது கவனிக்கத்தக்கது. அங்கே கோஃபிம்வாபா வட்டாரத்தில் 2012 முதல் கோசாவை மூன்றாம் வகுப்போடு நிறுத்தாமல் மேல்வகுப்புகளின் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கொண்டுசென்றனர். ஆங்கிலம் நீக்கப்படவில்லை, இரண்டும் அருகருகே வந்தன. நாடளாவிய அளவில் இதையொத்த இருமொழித் திட்டம் 2025-இல் நான்காம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தொடங்கப்பட்டது. கோலிக் கணக்கு இரு மொழிகளில் அச்சானால் 18 என்ற விடையும், அதைக் கோசாவில் விளக்கும் வரியும் மதிப்பெண் பெற வழி பிறக்கிறது. ஆனால் அதற்கு இரு மொழியும் படிக்கத் தெரிந்த திருத்துநர் வேண்டும். பின்னம், அடர்த்தி போன்றவற்றுக்கு ஆசிரியர் அனைவரும் ஒரே கலைச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும். மெட்ரிக் தாள் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் மட்டுமே இருக்கும்வரை, ஏழாம் வகுப்பு ஆசிரியர் கோசாப் பக்கத்தை விட்டுவிட்டு ஆங்கிலப் பக்கத்தையே நடத்துவார், பெற்றோரும் அதையே கேட்பார்கள். ஒரே தாய்மொழி பேசும் கிராமப்புற வட்டாரத்துக்கு வகுத்த இத்திட்டம், ஒரு வகுப்பில் ஐந்தாறு வீட்டுமொழிகள் கலந்திருக்கும் கௌட்டெங் மாகாணக் குடியிருப்புகளில் ஆங்கிலத்துக்கு அருகே எந்த மொழியை அச்சிடும் என்பது இன்னும் முடிவாக வேண்டிய கேள்வி.